மொட்டைமாடியில் டிஷ் வைக்க ஓனரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: பாலக்காடு ஜில்லா சித்தூரில் கீழும் மேலுமாக மூன்று வீடு உள்ள கட்டிடத்தில், நடு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மாமியாருக்குத் தமிழ் சேனல் வேண்டும், லோக்கல் கேபிளில் அவர் கேட்கும் சேனல்கள் பாதிகூட இல்லை. டிஷ் வைக்கலாம் என்றால் அட்வான்ஸ் கொடுத்தபோதே ஓனர், "மேலே யாரும் ஒன்றும் அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் கொழிஞ்சாம்பாறைக்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார், இப்போது கல்ஃபில் இருக்கிறார். மொட்டைமாடிச் சாவி அவர் தம்பியிடம் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் என்ன எழுதிக் கேட்டால் சம்மதிப்பார்? எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

பதில்:

ஓனர் சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவர் டிஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை, அடிக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற யாரைக் கேட்டாலும் பயம் ஒன்றுதான், வார்ப்பில் துளை விழுந்தால் அடுத்த இடவப்பாதி மழையில் ஒழுகும். அதனால் உங்கள் மெசேஜ் "டிஷ் வைக்கலாமா" என்று தொடங்கவே கூடாது. "துளை போட மாட்டோம்" என்று தொடங்க வேண்டும், அப்புறம் துளை போடாமல் எப்படி நிறுத்தப் போகிறீர்கள் என்பதை அவர் கண்ணால் பார்ப்பது போலச் சொல்ல வேண்டும். டிஷ் மாட்டும் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், ஓனர்கள் மறுப்பது பெரும்பாலும் கேட்ட விஷயத்துக்காக இல்லை, கேட்டவருக்கே விவரம் தெரியாமல் இருப்பதால்.

அந்தப் பயம் நியாயமானதுதான், அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கம்பெனி அனுப்புகிற ஆள் வந்தால் டிஷ்ஷின் அடித்தட்டைத் தளத்தில் வைத்து, நான்கு மூலையிலும் டிரில் போட்டு, இரண்டரை மூன்று அங்குல ஆழத்துக்கு ஆங்கர் போல்ட் இறக்கி முடுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நம் வீடுகளில் வார்ப்பின் கனமே நாலு முதல் ஐந்து அங்குலம்தான். அதாவது பாதிக்கு மேல் துளைத்தாயிற்று, மேலே இருந்த தட்டோடோ வாட்டர்ப்ரூஃப் பூச்சோ அந்த நான்கு இடத்திலும் போயிற்று. போல்ட்டைச் சுற்றி சிலிக்கான் தடவினால் போதும் என்பார்கள். முதல் மழைக்குப் போதும். ஆனால் காற்றில் டிஷ் ஆடும்போது போல்ட்டும் மயிரிழை ஆடும், சிலிக்கான் விட்டுவிடும், தண்ணீர் இறங்க அந்த இடைவெளி போதும். இறங்கிய தண்ணீர் நேர் கீழே சொட்டாது, வார்ப்புக்குள் இருக்கும் கம்பியையும் ஒயர் பைப்பையும் பிடித்துக்கொண்டு ஓடி, நாலு அடி தள்ளி ஃபேன் கொக்கியிலோ லைட் பாயிண்டிலோ வந்து நிற்கும். முதலில் சீலிங்கில் வெள்ளை உப்புப் பூக்கும், அப்புறம் பழுப்பு வட்டம், கம்பி துருப்பிடித்து ஊதினால் பூச்சு பெயர்ந்து விழும். அது உங்கள் வீட்டில்கூட இல்லை, உங்களுக்கு மேல் வீட்டில் இருப்பவர் தலைக்கு மேல். அவர் ஓனரைக் கூப்பிடுவார், ஓனர் உங்களைக் கூப்பிடுவார்.

பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்தது சும்மா இல்லை. ஆகவே கல்லை அண்டை கொடுத்து அப்படியே நிறுத்திவிடலாம் என்றும் நினைக்காதீர்கள்.

துளை இல்லாமல் நிறுத்துவதற்கு எடை வைத்த இரும்புச் சட்டம்தான் வழி. வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி சதுரச் சட்டம் ஒன்று செய்து, நடுவில் ஒன்றரை அடிக் குழாயை நட்டு, அதன் மேல் டிஷ்ஷை மாட்ட வேண்டும். சட்டத்தின் நான்கு பக்கமும் நாலு அங்குல சாலிட் பிளாக் ஒவ்வொன்று. ஒரு பிளாக் 16, 17 கிலோ வரும், நாலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 70 கிலோ, ஒரு ஆள் மாடியில் நிற்கிற எடைதான், தளத்துக்கு அது ஒன்றுமே இல்லை. போதுமா என்றால் கணக்கு இப்படி. 60 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று நேராக மோதினாலும் அதன் மேல் விழும் தள்ளு 30, 35 கிலோதான். குழாய் குட்டையாகவும் சட்டம் அகலமாகவும் இருக்கும் வரை 70 கிலோ அதைத் தாங்கும். ஆனால் யாராவது குழாயை நாலு அடி உயரத்துக்குச் செய்துவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும், கவிழும். குட்டையாகவே கேளுங்கள். அடியில் ரப்பர் ஷீட் விரிக்காமல் வைக்காதீர்கள், இரும்பு விளிம்பு பூச்சைக் கீறும், ரப்பர் இருந்தால் சட்டம் வழுக்கவும் வழுக்காது. சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு மேலே பெயிண்ட் அடியுங்கள், இல்லையென்றால் துருக்கறை தளமெல்லாம் இறங்கி அதற்கு ஒரு சண்டை வரும். குழாயின் குறுக்களவைப் பட்டறைக்குப் போகும் முன் டிஷ் ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், டிஷ்ஷின் கிளாம்ப் அதற்குப் பொருந்த வேண்டும்.

உங்கள் மாடி ஓப்பனாக இல்லாமல், மழைக்காக மேலே இரும்புக் குழாயில் டிரஸ் போட்டு ஷீட் அடித்திருந்தால் விஷயம் வேறு. ஷீட்டுக்கு அடியில் சிக்னல் கிடைக்காது, ஷீட்டின் மேல் எதையும் வைக்கவும் கூடாது. அப்போது டிரஸ்ஸின் ஓரக் குழாயில் யூ கிளாம்ப் போட்டு வெளியே நீட்டலாம், அதற்கும் துளை தேவையில்லை.

ஓனர் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் பால்கனியிலேயே வைத்துக்கொள்ளுங்களேன்" என்பார். அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சாட்டிலைட் அடிவானத்தில் இல்லை, ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. சித்தூரிலிருந்து அதைப் பார்க்க தென்கிழக்கே, காம்பஸில் 120 டிகிரி பக்கம் திரும்பி, 66, 67 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டணக் கம்பெனிகளின் சாட்டிலைட்டுகளும் தென்கிழக்குப் பக்கம்தான், ஒன்றிரண்டு இன்னும் உயரத்தில், ஒன்று கொஞ்சம் தாழ்வாக. உங்கள் பால்கனிக்கு மேலே மேல் வீட்டு பால்கனி இருக்கிறது அல்லவா, அந்தத் தளம் மறைக்காமல் இருக்க டிஷ்ஷைப் பெரும்பாலும் பால்கனிக்கு வெளியே நீட்ட வேண்டியிருக்கும். யாரும் அதைச் செய்ய விடமாட்டார்கள், செய்யவும் கூடாது. அதே உயரக் கோணம் மாடியில் உங்களுக்குச் சாதகம். மூன்றடிக் கைப்பிடிச்சுவருக்கு உள்பக்கமாக இரண்டு அடி தள்ளி, தாழ்வாக வைத்தாலே சிக்னல் சுவரைத் தாண்டி வந்துவிடும். தெருவிலிருந்து பார்த்தால் டிஷ் தெரியாது, காற்றும் குறைவாக அடிக்கும். இந்த இரண்டையும் ஓனர் விரும்புவார்.

எழுதும் முன் தம்பியிடம் சாவி வாங்கி ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள். போன் காம்பஸில் தென்கிழக்கைப் பிடித்து, அந்தப் பக்கம் பக்கத்திலேயே தென்னையோ உயரமான கட்டிடமோ இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தள்ளி இருக்கிற மரம் இந்தக் கோணத்துக்கு இடைஞ்சல் இல்லை. மழைத்தண்ணீர் போகும் ஓட்டை எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது, துணி காயப்போடும் கயிறு எங்கே என்று கவனியுங்கள், அந்த வழிகளில் சட்டம் நிற்கக் கூடாது. படிக்கட்டு ரூமை விட, டேங்கை விட டிஷ் தாழ்வாக இருக்கட்டும், துலாவர்ஷ சாயங்காலங்களில் இங்கே இடி எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே ஏற்கெனவே யாருடைய டிஷ்ஷாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேல் வீட்டுக்காரர் அதே கம்பெனி வைத்திருந்தால், டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற எல்என்பியை இரட்டை வெளியீடு உள்ளதாக மாற்றி, அதே டிஷ்ஷிலிருந்து உங்களுக்கு ஒரு கேபிள் இழுக்கலாம், அவர் பார்ப்பதற்கும் நீங்கள் பார்ப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. அப்படியென்றால் ஓனரிடம் கேட்க வேண்டியது ஒரு கேபிளுக்கு மட்டும்தான்.

இடம் முடிவானதும் அதை போட்டோ எடுத்து, போனிலேயே அந்த இடத்தில் வட்டம் போடுங்கள். கல்ஃபில் வேலை முடிந்து வந்து ராத்திரியில் மெசேஜ் படிக்கிறவருக்கு அந்த ஒரு படம் பத்து வரிக்குச் சமம். படத்தோடு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா, நடு மாடி வீட்டிலிருந்து எழுதுகிறேன். மேலே ஒன்றும் அடிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது, தளத்திலோ சுவரிலோ ஒரு துளைகூடப் போட மாட்டோம். அதற்கு உட்பட்டுத்தான் இதைக் கேட்கிறேன். அத்தை தமிழ் சேனல் பார்க்க மொட்டைமாடியில் ஒரு சின்ன டிஷ், இரண்டு அடி அகலம், வைக்க உங்கள் சம்மதம் வேண்டும். போல்ட் இல்லாமல் இரும்புச் சட்டத்தில் நாலு சாலிட் பிளாக் வைத்து நிறுத்துவோம், அடியில் ரப்பர் ஷீட் இருக்கும், மொத்தம் ஒரு ஆள் எடைதான் வரும். இடத்தை போட்டோவில் வட்டம் போட்டிருக்கிறேன். கைப்பிடிச்சுவருக்கு உள்ளே தாழ்வாக இருப்பதால் ரோட்டிலிருந்து தெரியாது, தண்ணீர் போகும் வழியிலும் இல்லை. பால்கனியில் மேல் தளம் மறைப்பதால் சிக்னல் கிடைக்காது, அதனால்தான் மாடியைக் கேட்கிறேன். கேபிள் பின்பக்க பைப் ஓரமாக இறங்கி, ஹாலில் ஏற்கெனவே இருக்கிற ஏசி ஓட்டை வழியாக உள்ளே வரும். மேல் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு ஆட்சேபணை இல்லை. வேலை நடக்கும் அன்று தம்பி வர முடிந்தால் நல்லது, இல்லையென்றால் நான் கடைசி வரை கூடவே நின்று, முன்னும் பின்னும் போட்டோ அனுப்புகிறேன். செலவு எல்லாம் எங்களுடையது. வீடு காலி செய்யும்போது நாங்களே கழற்றி எடுத்துக்கொள்வோம், இந்த டிஷ்ஷால் தளத்துக்கு ஏதாவது ஆனால் சரிசெய்து தருவோம். உங்களுக்குச் சரி என்றால் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. வேறு இடத்தில் வைக்கச் சொன்னாலும் சம்மதம்தான்."

மேல் வீட்டுக்காரரிடம் பேசாமல் அந்த வரியை எழுதாதீர்கள், ஓனர் அவருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. ஏசி ஓட்டை உங்கள் வீட்டில் இல்லையென்றால் ஜன்னல் ஃபிரேம் ஓரமோ வென்டிலேட்டரோ, எது உண்மையில் இருக்கிறதோ அதை எழுதுங்கள். சேதத்துக்குப் பொறுப்பேற்கும் வரியில் கவனம் தேவை. "என்ன ஆனாலும் பார்த்துக்கொள்கிறோம்" என்று மொத்தமாக எழுதிவிட்டால், ஏற்கெனவே இருக்கிற ஓதத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் டிஷ்ஷால் வருவதற்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன் அந்த இடத்துத் தளத்தையும், முடிந்தால் அதற்கு நேர் கீழே மேல் வீட்டு சீலிங்கையும் தேதியோடு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

முதலில் போனில் பேசுவது நல்லதுதான், பேசிவிட்டு "போனில் சொன்னதையே எழுதி அனுப்புகிறேன்" என்று இதை அனுப்பலாம். ஆனால் எழுத்தில் பதில் வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவு, ஓனர் சம்மதம் இல்லாமல் வாடகைக்காரர் நிரந்தரமான கட்டுமானம் எதுவும் எழுப்பக் கூடாது என்கிறது. வாடகைக்கு இருப்பவர் தான் பொருத்திய பொருளை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிளாக் வைத்த இரும்புச் சட்டம் நிரந்தரமானது இல்லை, தூக்கினால் தளம் பழையபடி இருக்கும், இரண்டு பக்கமும் நீங்கள் சரியாகவே நிற்பீர்கள். ஒழுகுகிற தளம் அப்படி இல்லை. கேரளா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் (1965), கட்டிடத்தின் மதிப்பையோ பயனையோ நிரந்தரமாகக் கெடுக்கும்படி வாடகைக்காரர் நடந்துகொண்டால் காலி செய்யச் சொல்ல 11(4) பிரிவில் வழி இருக்கிறது. ஒரு டிஷ்ஷுக்காக அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் அட்வான்ஸில் கை வைக்க ஓனருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இந்தக் கட்டிடம் முழுக்க அவருடையது என்பதால் அவர் சம்மதம் போதும். இதைப் படிக்கிற மற்றவர்கள், பாலக்காடு டவுனில் அசோசியேஷன் இருக்கிற அபார்ட்மெண்டில் இருப்பவர்கள், கவனிக்க வேண்டும். அங்கே மொட்டைமாடி எல்லா ஃபிளாட்டுக்கும் பொது, உங்கள் ஓனர் ஒருவர் சரி என்றால் ஆகாது. ஓனர் மூலமாக அசோசியேஷனுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

சம்மதம் வந்த பிறகு கெட்டுப்போகிற இடம் ஒன்று இருக்கிறது, அது வேலை நாள். ஆர்டர் கொடுக்கும்போதே "தளத்தில் துளை கிடையாது, ஸ்டாண்ட் நாங்கள் தயாராக வைத்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். வருகிற ஆளுக்கு அவசரம், நீங்கள் டீ போடக் கீழே இறங்கினால் டிரில் சத்தம் கேட்கும். காற்றில் ஆடும், சிக்னல் போகும், அப்புறம் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று பயமுறுத்துவார். சட்டத்தில் நாலு பிளாக்கும் உட்கார்ந்த பிறகு குழாயின் உச்சியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், சட்டம் தூக்கவில்லை என்றால் அவர் வாதம் முடிந்தது. டிஷ்ஷைத் திருப்பும் முன் குழாய் நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தளம் தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் இருக்கும், தாழ்ந்த பக்கம் ரப்பரை மடித்துக் கொடுத்தால் சரியாகும்.

கேபிள் ஏசி ஓட்டைக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறி உள்ளே போக வேண்டும். இப்படி வளைவு விட்டால் கேபிளைப் பிடித்து வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், இல்லையென்றால் நேராக உங்கள் ஹால் சுவருக்குள் இறங்கும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், பிறகு அந்த ஓதத்துக்கு மொட்டைமாடியைக் குற்றம் சொல்வார்கள். இடி மின்னல் தொடங்கினால் பெட்டியின் கரண்ட் பிளக்கையும் கேபிளையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் கழற்றினால் பயனில்லை.

அவர் என்ன பதில் சொல்வார் என்பதைப் பொறுத்து அடுத்தது. "தம்பி பார்த்துவிட்டுச் சொல்லட்டும்" என்றால் அது நல்ல பதில், தம்பியை மேலே கூட்டிப்போய் வட்டம் போட்ட இடத்தில் வெறும் சட்டத்தை வைத்துக் காட்டுங்கள். பார்த்துவிட்டு பதில் சொல்லாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நாலைந்து நாள் விட்டு "அண்ணா, அந்த டிஷ் விஷயம்" என்று ஒரு வரி நினைவுபடுத்தினால் போதும், தினமும் கேட்டால் வேண்டாம் என்று எழுதுவதுதான் அவருக்குச் சுலபம். டெபாசிட்டாகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், காலி செய்யும்போது தளத்தைப் பார்த்துத் திருப்பித் தருவார் என்று அதே மெசேஜில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். முடியாது என்றே சொல்லிவிட்டால், கட்டிடத்தில் வேறு எந்த இடம் சம்மதம் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், படிக்கட்டு ரூமின் மேலே சட்டம் வைக்கலாம் என்று அவரே சொல்லக்கூடும். அங்கே காற்று அதிகம், அப்படியானால் பிளாக்கை ஆறாக ஆக்கிக்கொள்ளுங்கள், கட்டிடத்திலேயே உயரமான இடத்தில் இரும்பு நிற்கும் என்பதால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் ஒயர் இழுக்காமல் அங்கே வைக்க வேண்டாம்.